சோடியத்துக்கு மைனஸ் ஏழு

மாதம் ஒருமுறை ரத்தப் பரிசோதனைக் கூடங்களுக்கு ஒரு குப்பி வரும். விரல் நீளக் கண்ணாடிக் குப்பி, ரப்பர் மூடி, அடியில் வெளிர் மஞ்சளாகக் கொஞ்சம் பொடி. உறையவைத்து உலர்த்திய ரத்த சீரம்தான் அது. மூடியை மெல்லத் திறந்து, 5 மில்லி காய்ச்சி வடித்த நீரைச் சரியாக அளந்து விட்டு, நுரை எழாமல் சுழற்றி, அரை மணி நேரம் வைத்திருந்தால் பொடி கரைந்து மறுபடியும் சீரமாகிவிடும். பிறகு அதை மெஷினில் வைத்து, காலையில் வெறும் வயிற்றோடு வந்து ரத்தம் கொடுத்துப் போனவர்களின் சாம்பிளோடு சாம்பிளாக ஓட்ட வேண்டும். சர்க்கரை எவ்வளவு, யூரியா எவ்வளவு, சோடியம் எவ்வளவு என்று வந்த எண்களைக் குறித்த தேதிக்குள் அனுப்பிவிட வேண்டும்.

அதே பொடி அதே மாதத்தில் நூற்றுக்கணக்கான லேப்களுக்குப் போயிருக்கும். குப்பிக்குள் சர்க்கரை எவ்வளவு என்பது எந்த லேப்புக்கும் தெரியாது. எல்லாருடைய பதிலும் வந்த பிறகு, அனுப்பிய நிறுவனம் கணக்குப் போட்டு ஒவ்வொரு லேப்புக்கும் ஓர் அறிக்கை அனுப்பும். அதில் ஒவ்வொரு பரிசோதனைக்கும் பக்கத்தில் ஓர் எண் இருக்கும். அதுதான் இசட் ஸ்கோர். மைனஸ் 0.4 என்றிருந்தால் யாரும் அடுத்த முறை திரும்பிப் பார்ப்பதில்லை. மைனஸ் 3.2 என்றிருந்தால் அன்றைக்கு லேப்பில் யாருக்கும் மதியச் சாப்பாடு சரியாக இறங்காது.

இந்த வேலைக்குத் திறன் சோதனை என்று பெயர். மருத்துவ லேப்காரர்கள் 'ஈக்வாஸ்' என்பார்கள். இது எப்படித் தொடங்கியது என்பதற்கு அமெரிக்காவின் பென்சில்வேனியாவுக்குப் போக வேண்டும். அங்கே வில்லியம் பெல்க், வில்லியம் சண்டர்மேன் என்ற இரு மருத்துவர்கள், அந்த மாநில ஆஸ்பத்திரி லேப்களுக்கு குளுக்கோஸ், யூரியா, கால்சியம் போன்றவற்றின் அளவு முன்பே தெரிந்த கரைசல்களை அனுப்பிப் பார்த்தார்கள். 1947-ல் வெளியான அவர்களுடைய கட்டுரை மருத்துவ உலகைக் கொஞ்சம் உலுக்கிவிட்டது. திரும்பி வந்த பதில்களில் ஏற்கத்தக்கவற்றைவிட ஏற்க முடியாதவையே அதிகம். ஒரே கரைசல், ஊருக்கு ஒரு விடை. சண்டர்மேன் 104 வயது வரை வாழ்ந்தவர். அவர் தொடங்கிவைத்த பழக்கம் உலகம் முழுக்கச் சட்டமாகவும் தரச் சான்றிதழின் நிபந்தனையாகவும் மாறுவதை இருந்து பார்த்தார்.

இந்தியாவில் ரத்த வேதியியலுக்கான பெரிய திட்டம் தமிழ்நாட்டிலிருந்துதான் நடக்கிறது. வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையின் கிளினிக்கல் பயோகெமிஸ்ட்ரி துறை, இந்திய கிளினிக்கல் பயோகெமிஸ்ட்கள் சங்கத்தோடு சேர்ந்து நடத்துவது அது. நாடு முழுக்க உள்ள லேப்கள் அதில் சேர்ந்திருக்கின்றன. என்.ஏ.பி.எல். அங்கீகாரம் வேண்டும் என்கிற லேப், இப்படி ஏதாவது ஒரு திட்டத்தில் கலந்துகொண்டே ஆக வேண்டும்.

இனி அந்த எண்ணைப் பார்ப்போம். கணக்கு மிக எளிது.

```
z = (x − X) / σ
```

இதில் x என்பது லேப் அனுப்பிய விடை. X என்பது சரியான விடை என்று ஏற்றுக்கொள்ளப்பட்ட மதிப்பு. பெரும்பாலும் பங்கேற்ற லேப்களின் விடைகளிலிருந்தே, எங்கோ தூரத்தில் நிற்கும் விடைகள் கணக்கைக் கெடுக்காதபடி, அதை எடுப்பார்கள். σ என்பது "இவ்வளவு தூரம் தள்ளி நிற்கலாம்" என்பதற்கான அளவுகோல். ஆக, இசட் ஸ்கோர் சொல்வது, லேப்பின் விடை சரியான மதிப்பிலிருந்து எத்தனை அளவுகோல் தூரத்தில், எந்தப் பக்கம் நிற்கிறது என்பதை. பிளஸ் என்றால் கூடுதல், மைனஸ் என்றால் குறைவு. 2-க்குள் இருந்தால் திருப்தி. 2-க்கும் 3-க்கும் நடுவில் என்றால் சந்தேகம். 3-ஐத் தொட்டால் தோல்வி. உலகெங்கும் பொதுவாக நிலவும் வழக்கம் இது.

சிக்கல் இதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. எண்ணைப் படிக்கத் தெரிந்த அளவுக்கு, எண்ணுக்குப் பின்னால் இருப்பதைப் படிக்கத் தெரிவதில்லை.

உதாரணத்துக்கு ஒரு நடுத்தர ஊரின் லேப்பை எடுத்துக்கொள்வோம். அந்த மாத அறிக்கையில் முதலில் கண்ணில் படுவது சோடியம். சரியான மதிப்பு 150. லேப் அனுப்பியது 136. அளவுகோல் 2. இசட் ஸ்கோர் மைனஸ் 7.

மைனஸ் ஏழு என்பது சாதாரணத் தோல்வி இல்லை. பார்த்தவுடன் கை தானாகச் சோடியம் மெஷின் கம்பெனியின் சர்வீஸ் எண்ணுக்குப் போகும். எலக்ட்ரோடு போய்விட்டது, மாற்ற வேண்டும் என்று பேச்சு தொடங்கும். அனுபவமுள்ள பயோகெமிஸ்ட் அந்த இடத்தில்தான் நிறுத்துவார். "போன் அப்புறம் பண்ணலாம்மா. மத்த டெஸ்ட் எல்லாம் எப்படி வந்திருக்கு, முதல்ல அதைச் சொல்லு" என்பார்.

மற்றவை இப்படி இருக்கின்றன. சர்க்கரை 130 இருக்க வேண்டிய இடத்தில் 118, அளவுகோல் 4, ஸ்கோர் மைனஸ் 3. மொத்தப் புரதம் 6.6-க்கு 6.0, அளவுகோல் 0.2, அதுவும் மைனஸ் 3. யூரியா 60-க்கு 55, அளவுகோல் 3, ஸ்கோர் மைனஸ் 1.7. கிரியாட்டினின் 3.0-க்கு 2.7, அளவுகோல் 0.2, ஸ்கோர் மைனஸ் 1.5.

ஸ்கோரை மட்டும் பார்த்தால் இது ஐந்து விதமான கதை. சோடியம் படுமோசம், சர்க்கரையும் புரதமும் தோல்வி, யூரியாவும் கிரியாட்டினினும் பாஸ். அறிக்கையில் பாஸ் ஆனவை பச்சையிலும் தோற்றவை சிவப்பிலும் இருக்கும். பச்சையை யாரும் தொடமாட்டார்கள்.

ஆனால் ஸ்கோரை ஒதுக்கிவைத்து, ஒவ்வொரு விடையும் சரியான மதிப்பைவிட எத்தனை சதவீதம் குறைவு என்று பார்த்தால் படம் மாறிவிடும். சோடியம் சுமார் 9 சதவீதம் குறைவு. சர்க்கரை 9. புரதம் 9. யூரியா 8. கிரியாட்டினின் 10. தசமத்தைச் சுருக்கி எழுதியதால் வந்த சின்ன வித்தியாசத்தை விட்டால், ஐந்தும் ஒரே அளவுக்கே குறைந்திருக்கின்றன. சோடியத்தை அளப்பது எலக்ட்ரோடு. சர்க்கரையை அளப்பது என்சைம். புரதத்துக்கு வேறு ரசாயனம். இந்த மூன்றும் ஒரே நாளில், ஒரே விகிதத்தில், ஒரே பக்கம் கெட்டுப்போக வழியில்லை. மூன்றுக்கும் பொதுவானது ஒன்றே ஒன்று. குப்பி.

5 மில்லிக்குப் பதில் 5.5 மில்லி நீர் விட்டால் குப்பிக்குள் இருப்பதெல்லாம் சரியாக 9 சதவீதம் நீர்த்துப்போகும். சோடியத்தின் ஸ்கோர் மட்டும் ஏன் அவ்வளவு பயங்கரமாகத் தெரிந்தது என்றால், சோடியத்துக்கு அளவுகோல் மிகச் சிறியது. மனித உடம்பு சோடியத்தை ஒரு குறுகிய எல்லைக்குள் பிடித்து வைத்திருக்கிறது. அதனால் லேப்களும் அதை நெருக்கமாக அளந்தாக வேண்டியிருக்கிறது. கிரியாட்டினினுக்கு அளவுகோல் பெரியது, அதே தவறு அதற்குள் ஒளிந்துகொண்டது. ஆக, பச்சையில் இருந்த இரண்டும் சரியான விடைகள் இல்லை. தவறு அவற்றிலும் இருந்தது, மாட்டிக்கொள்ளவில்லை, அவ்வளவுதான்.

நீர் எப்படிக் கூடியது? பிப்பெட்டைத் தராசில் சோதிப்பது முதல் வழி. 5 மில்லி நீரின் எடை அறை வெப்பத்தில் ஏறக்குறைய 5 கிராம். அப்படிச் சோதித்தபோது இந்த லேப்பின் பிப்பெட் சுத்தமாக இருந்தது. பிறகு விசாரித்தால் விஷயம் வெளியே வருகிறது. 5 மில்லி கண்ணாடிப் பிப்பெட் உடைந்து ஒரு மாதம் ஆகிறது. டெக்னீஷியன் அரை மில்லி மைக்ரோ பிப்பெட்டால் பத்து முறை விட்டிருக்கிறார். நடுவில் யாரோ ரிப்போர்ட் கேட்டுக் கவுண்டருக்கு வந்திருக்கிறார். எண்ணிக்கை ஒன்பதா பத்தா என்று தடுமாறிப் பதினொன்றாவதும் விழுந்துவிட்டது.

இங்கே ஒரு பொறி இருக்கிறது, பல லேப்கள் அதில் விழும். தோல்வி என்று தெரிந்ததும், ஃப்ரீசரில் எடுத்துவைத்த மீதிச் சீரத்தை மறுபடி ஓட்டிப் பார்ப்பது வழக்கம். ஓட்டினால் அதே குறைந்த விடைதான் வரும், ஏனென்றால் நீர்த்துப்போனது அந்தச் சீரமே. "ரிப்பீட்டிலும் அதேதான் வருது சார், மெஷின்லதான் கோளாறு" என்று முடிவுகட்டிவிடுவார்கள். பொடியாகவே இருக்கும் இன்னொரு குப்பி கிடைத்தால் அதைச் சரியாகக் கரைத்து ஓட்டினால்தான் உண்மை தெரியும். நீர் குறைந்தாலும் இதே கதைதான், எல்லாம் ஒரே விகிதத்தில் கூடும். மூடியை வெடுக்கென்று திறந்து பொடி பறந்துபோனால் எல்லாம் குறையும்.

இந்தத் தோல்வியால் ஊர்க்காரர்கள் யாருக்காவது தவறான ரிப்போர்ட் போனதா என்றால், போகவில்லை. நோயாளியின் ரத்தத்தை யாரும் நீர் விட்டுக் கரைப்பதில்லை. அன்று காலை ஓட்டிய கண்ட்ரோல் சாம்பிளும் சரியாகவே வந்திருக்கிறது. மைனஸ் ஏழு வாங்கிய லேப்பின் சோடியம் ரிப்போர்ட்டுகள் அத்தனையும் சரி.

இதைச் சொல்வதற்குக் காரணம், இதற்கு நேர் எதிரான இன்னொரு லேப். அங்கே எல்லாம் பச்சை. சர்க்கரைக்கு ஆறு மாதமாக வந்த ஸ்கோர்கள் இவை: பிளஸ் 1.4, பிளஸ் 1.7, பிளஸ் 1.2, பிளஸ் 1.8, பிளஸ் 1.5, கடைசி மாதம் பிளஸ் 2.3. ஐந்து மாதம் கையெழுத்துப் போட்டு ஃபைலில் வைத்துவிட்டார்கள். ஆறாவது மாதம் 2-ஐத் தாண்டியதால் மட்டும் ஒரு விளக்கம் எழுத வேண்டியிருந்தது. "தற்செயல் பிழை, அடுத்த மாதம் கவனிக்கப்படும்" என்று எழுதினார்கள். இந்த ஒரு வரி எத்தனை ஃபைல்களில் உறங்குகிறதோ!

தற்செயல் என்ற வாதத்தில் கொஞ்சம் நியாயமும் உண்டு. எந்தக் கோளாறும் இல்லாத லேப்பின் விடையும் இருபத்திரண்டு தடவைக்கு ஒருமுறை 2-க்கு வெளியே போகும். மாதம் 20 பரிசோதனை என்றால் வருஷத்துக்கு 240 ஸ்கோர். அவற்றில் பத்துப் பதினொன்று இப்படிச் சும்மாவே வெளியே விழலாம். ஒவ்வொன்றுக்கும் மெஷினைப் பிரித்துப் போட்டால் லேப் நடக்காது. 3-க்கு வெளியே விழுவது வேறு, அது 370 தடவைக்கு ஒருமுறைதான் தற்செயலாக நடக்கும். அதனால்தான் 2-ல் எச்சரிக்கை, 3-ல் நடவடிக்கை என்று வைத்திருக்கிறார்கள்.

ஆனால் இந்த லேப்பின் ஆறு ஸ்கோரும் ஒரே பக்கம் நிற்கின்றன. உண்மையிலேயே தற்செயல் என்றால் கொஞ்சம் மேலே, கொஞ்சம் கீழே என்று சிதறியிருக்க வேண்டும். ஆறும் ஒரே பக்கம் தற்செயலாக விழ 32-ல் ஒரு வாய்ப்புதான். அதுவும் ஒன்றுகூட பூஜ்யத்துக்குப் பக்கத்தில் வராமல் 1.2-க்கு மேலேயே நிற்பது இன்னும் அபூர்வம். ஆறின் சராசரி 1.65. இந்தத் திட்டத்தில் சர்க்கரைக்கு அளவுகோல் சுமார் 3 சதவீதம். பெருக்கினால், இந்த லேப் சர்க்கரையை எப்போதும் 5 சதவீதம் கூட்டிச் சொல்லிக்கொண்டிருக்கிறது.

5 சதவீதம் என்ன பெரிய விஷயம் என்று தோன்றலாம். வெறும் வயிற்றில் 126 வந்தால் சர்க்கரை நோய்க் கணக்கில் சேர்க்கும் எல்லை. இந்த லேப்பில் உண்மையில் 120 உள்ளவருக்கு 126 என்று எழுதியிருப்பார்கள். உறுதி செய்ய இன்னொரு நாள் எடுத்துப் பார்க்க வேண்டும் என்பது விதி. அதே லேப்பில் எடுத்தால் மறுபடியும் 126 வரும்.

தேடிப் பார்த்தால் காரணம் ஒரு தாளில் இருக்கிறது. மெஷினுக்கு "இதுதான் இவ்வளவு சர்க்கரை" என்று கற்றுக்கொடுக்கும் கரைசலுக்குக் கேலிப்ரேட்டர் என்று பெயர். ஒவ்வொரு பேட்ச்சுக்கும் அதன் மதிப்பு கொஞ்சம் மாறும், பெட்டிக்குள் இருக்கும் தாளில் அச்சிட்டிருப்பார்கள். பழைய பேட்ச்சின் மதிப்பு 208. புதிய பேட்ச்சுக்கு 198. பெட்டியை மாற்றியவர் மெஷினில் எண்ணை மாற்றவில்லை. 198 உள்ள கரைசலைக் காட்டி இது 208 என்று மெஷினுக்குச் சொல்லிவிட்டார்கள். அன்றிலிருந்து அது எல்லாருக்கும் 5 சதவீதம் கூட்டியே படித்தது.

தினமும் ஓட்டும் கண்ட்ரோல் இதை ஏன் காட்டிக்கொடுக்கவில்லை? லேப்காரர்களே முதலில் குழம்பும் இடம் இது. கண்ட்ரோல் சாம்பிளின் புதிய பேட்ச்சையும் அதே வாரம்தான் திறந்திருக்கிறார்கள். பேட்ச் மாறும்போது, இருபது தடவை ஓட்டி, வந்த சராசரியையே இனி "நம்முடைய சராசரி" என்று வைத்துக்கொள்வது நல்ல வழக்கம்தான். ஆனால் மெஷின் ஏற்கனவே 5 சதவீதம் கூட்டிப் படித்துக்கொண்டிருந்தது. பிழை, சராசரியோடு சேர்ந்தே உள்ளே போய்விட்டது. அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் கண்ட்ரோல் மிக அழகாக நடுக்கோட்டில் வந்து நின்றது. கண்ட்ரோல், நேற்று எப்படியோ இன்றும் அப்படியே இருக்கிறதா என்று மட்டும் சொல்லும். நேற்று சரியாக இருந்ததா என்று வெளியிலிருந்து வரும் குப்பிதான் சொல்ல முடியும்.

ஆகவே மோசமான ஸ்கோர் வந்தால் முதல் கேள்வி, இது குப்பிக்கு மட்டும் நடந்ததா, நோயாளிகளுக்கும் நடந்ததா என்பதுதான். அதைக் கண்டுபிடிக்கும் வரிசையும் கிட்டத்தட்ட எல்லா லேப்பிலும் ஒன்றே. முதலில் எழுத்துவேலை. 1.7 என்பதை 17 என்று தட்டியிருக்கலாம். இரண்டு குப்பி வந்த மாதத்தில் ஒன்றின் விடையை இன்னொன்றின் கட்டத்தில் போட்டிருக்கலாம். மில்லிகிராமில் அனுப்ப வேண்டியதை மில்லிமோலில் அனுப்பியிருக்கலாம், 180 என்பது 10 ஆகிவிடும். ஸ்கோர் மைனஸ் இருபது, முப்பது என்று கற்பனைக்கு எட்டாத இடத்தில் இருந்தால் பெரும்பாலும் காரணம் இதுதான், ரசாயனம் அவ்வளவு தூரம் தவறுவதில்லை. இதைச் சின்னத் தவறு என்று தள்ளிவிடவும் முடியாது. நோயாளியின் ரிப்போர்ட்டையும் கையால் தட்டும் லேப் என்றால், குப்பிக்கு நடந்தது அவர்களுக்கும் நடக்கும்.

அடுத்து, மற்ற பரிசோதனைகளைச் சதவீதத்தில் ஒப்பிடுவது. எல்லாம் ஒரே பக்கம் என்றால் குப்பி. ஒன்று மட்டும் என்றால் அந்தப் பரிசோதனையின் ரீஏஜென்ட், கேலிப்ரேஷன், மெஷின். அதன்பின் அன்றைய கண்ட்ரோல், முந்தைய மாதங்களின் ஸ்கோர்கள். கடைசியில், பிழை நோயாளிகளையும் தொட்டிருக்கிறது என்று தெரிந்தால், எந்தத் தேதியிலிருந்து என்று கண்டுபிடித்து, போன ரிப்போர்ட்டுகளைத் திரும்ப எடுத்துப் பார்ப்பது. சர்க்கரை லேப்பின் விஷயத்தில் கேலிப்ரேட்டர் பெட்டி திறந்த தேதிதான் அந்தத் தேதி. இந்தக் கடைசி வேலையைச் செய்யும் லேப்கள் குறைவு. டாக்டர்களுக்கு போன் போட்டு, "சார், போன மூணு மாசமா நாங்க கொடுத்த சுகர் கொஞ்சம் கூடுதல்" என்று சொல்ல யாருக்குத்தான் மனம் வரும்?

இன்னொரு நுணுக்கம் இருக்கிறது. அளவுகோலாகிய σ வானத்திலிருந்து விழுவதில்லை. சில திட்டங்கள் பங்கேற்ற லேப்களின் விடைகள் எவ்வளவு சிதறியிருக்கின்றன என்பதிலிருந்தே அதை எடுக்கின்றன. எல்லாரும் நெருக்கமாக விடை சொன்ன மாதத்தில் அளவுகோல் சுருங்கும், அப்போது மருத்துவத்தில் எந்த விளைவும் இல்லாத சின்ன வித்தியாசம்கூட 3-ஐத் தாண்டிவிடும். எல்லாரும் கண்டபடி சொன்ன மாதத்தில் அளவுகோல் விரியும், அப்போது மோசமான லேப்பும் பாஸ். வேறு சில திட்டங்கள் மருத்துவத் தேவையைப் பார்த்து முன்கூட்டியே அதை நிர்ணயிக்கின்றன. அமெரிக்கச் சட்டம் ஸ்கோர் போடாமல் நேரடியாகச் சதவீதமே வைத்திருக்கிறது. அங்கே சர்க்கரைக்கு நெடுங்காலம் 10 சதவீதம் வரை அனுமதி, 2025 ஜனவரியிலிருந்து 8 சதவீதம். நம் சர்க்கரை லேப் ஆறாவது மாதம் 130-க்கு 139 என்று அனுப்பியது 7 சதவீதம் கூடுதல். இங்கே அது சந்தேகம். அமெரிக்காவில் இன்றைய விதிப்படியும் பாஸ். எண் ஒன்றுதான், யார் கோல் கொண்டு அளக்கிறார்கள் என்பதில் விடை மாறுகிறது. அதனால் அறிக்கையின் முதல் பக்கத்தைவிட, அளவுகோல் எப்படி எடுக்கப்பட்டது என்று சின்ன எழுத்தில் போட்டிருக்கும் கடைசிப் பக்கத்தை முதலில் படிப்பதே புத்திசாலித்தனம்.

யாரோடு ஒப்பிடுகிறார்கள் என்பதும் அப்படித்தான். கிரியாட்டினினை அளக்க 1886-ல் மாக்ஸ் யாஃபே என்ற ஜெர்மானியர் கண்டுபிடித்த பிக்ரிக் அமில வினையை இன்றும் ஏராளமான லேப்கள் பயன்படுத்துகின்றன, விலை குறைவு என்பதால். அந்த முறை கிரியாட்டினினோடு வேறு சில பொருள்களையும் சேர்த்துக்கொண்டு நிறம் காட்டும். என்சைம் முறை அப்படி ஏமாறாது. இரண்டையும் ஒரே குழுவில் போட்டால் யாஃபே லேப்புக்குத் தகுதியில்லாத தோல்வி கிடைக்கலாம். அதனால் ஒரே முறையைப் பயன்படுத்துகிறவர்களைத் தனிக் குழுவாக்கி ஸ்கோர் போடுகிறார்கள். அதிலும் ஒரு குறை உண்டு. குழுவே மொத்தமாக ஒரு பக்கம் சாய்ந்திருந்தால் எல்லாருக்கும் நல்ல ஸ்கோர் கிடைத்துவிடும்.

ஸ்கோருக்குப் பயந்து செய்யும் தில்லுமுல்லுகளும் உண்டு. குப்பி வந்த நாளில் மெஷினைப் புதிதாகக் கேலிப்ரேட் செய்வது, சீனியர் டெக்னீஷியனை மட்டும் அதைத் தொடவிடுவது, ஐந்து முறை ஓட்டிச் சராசரி அனுப்புவது, பக்கத்து லேப் நண்பருக்கு போன் போட்டு "உங்களுக்கு என்னப்பா வந்துச்சு?" என்று கேட்பது. அமெரிக்காவில் 1988-ஆம் ஆண்டின் ஆய்வகச் சட்டம் இதையெல்லாம் தடை செய்கிறது. குப்பியை நோயாளியின் சாம்பிளைப் போலவே நடத்த வேண்டும் என்பது அதன் விதி.

அந்த விதியில்தான் தெரனோஸ் கம்பெனியும் இடறியது. ஒரு சொட்டு ரத்தத்தில் ஏகப்பட்ட பரிசோதனை என்று கோடிகளைத் திரட்டிய கலிபோர்னியா நிறுவனம் அது. அங்கே வேலை பார்த்த டைலர் ஷல்ட்ஸ் என்ற இளைஞர் ஒன்றைக் கவனித்தார். திறன் சோதனைச் சாம்பிளை கம்பெனியின் சொந்த எடிசன் மெஷினிலும், வெளியே வாங்கிய வழக்கமான மெஷினிலும் ஓட்டினார்கள். வைட்டமின் டி, தைராய்டு போன்றவற்றில் விடைகள் வேறுபட்டன. அனுப்பப்பட்டதோ வழக்கமான மெஷினின் விடை. நோயாளிகளின் ரத்தம் எடிசனில் ஓடிக்கொண்டிருந்தது. 2014-ல் அவர் நியூயார்க் மாநில சுகாதாரத் துறைக்குப் புனைபெயரில் இதைப் பற்றி எழுதினார். தவறு எதுவும் செய்யவில்லை என்றே கம்பெனி சாதித்தது. 2016-ல் எடிசனின் இரண்டு ஆண்டு ரிசல்ட்டுகளைக் கம்பெனியே ரத்து செய்ய வேண்டி வந்தது. அதே ஆண்டு ஜூலையில், நிறுவனர் எலிசபெத் ஹோம்ஸ் இரண்டு ஆண்டுகளுக்கு லேப் நடத்தக் கூடாது என்று மத்திய அரசு அமைப்பு தடை விதித்தது.

நேர்மையாகக் கலந்துகொண்டு நல்ல ஸ்கோர் வாங்கிய லேப்பிலும், குப்பியால் பிடிக்க முடியாத தவறுகள் இருக்கின்றன. குப்பி கூரியரில் நேராக மெஷின் பக்கம் வந்துவிடுகிறது. நோயாளியின் ரத்தம் அப்படி வருவதில்லை. வீட்டுக்கு வந்து எடுக்கும் ரத்தத்தில், அணுக்கள் குளுக்கோஸைத் தின்றுகொண்டே இருக்கும். அறை வெப்பத்தில் மணிக்கு 5 முதல் 7 சதவீதம் வரை சர்க்கரை குறையும். அதைத் தடுக்கத்தான் சாம்பல் நிற மூடி போட்ட, ஃபுளோரைடு கலந்த குழாய். அதுவும் முதல் ஒன்றிரண்டு மணி நேரத்தில் முழுசாகத் தடுத்துவிடாது. எனவே சாம்பிள் சீக்கிரம் லேப்புக்குப் போய்ச் சேர வேண்டும். இந்தப் பயணத்தில் நடக்கும் எதையும் இசட் ஸ்கோர் பார்ப்பதில்லை.

லேப் வாசலில் என்.ஏ.பி.எல். முத்திரை இருக்கிறதா என்று பார்க்கும் பழக்கம் இப்போது வந்திருக்கிறது, நல்லது. ஆனால் அந்த அங்கீகாரம் லேப்புக்கு மொத்தமாகக் கொடுப்பதில்லை, ஒவ்வொரு பரிசோதனைக்கும் தனித்தனியாகக் கொடுப்பது. எந்த லேப்புக்கு எந்தெந்தப் பரிசோதனைக்கு அங்கீகாரம் இருக்கிறது என்ற பட்டியல் என்.ஏ.பி.எல். இணையதளத்தில் எல்லாரும் பார்க்கும்படி இருக்கிறது. உங்களுக்கு டாக்டர் எழுதிக்கொடுத்த பரிசோதனை அந்தப் பட்டியலில் உண்டா என்று பாருங்கள். அதற்கு ஈக்வாஸில் சேர்ந்திருக்கிறீர்களா, கடைசியாக வந்த ஸ்கோர் என்ன என்று கவுண்டரில் கேளுங்கள். 2-க்கு வெளியே போனதே இல்லை என்று சொல்கிற லேப்பைவிட, போன மார்ச்சில் ஒன்று போனது, காரணம் இது, இப்படிச் சரிசெய்தோம் என்று ஃபைலை எடுத்துக் காட்டுகிற லேப்பிடம் தைரியமாக ரத்தம் கொடுக்கலாம்.